மாட்ரிடில் வீடு தேடிய நாட்களும் 'புவேஸ்' என்ற இழுப்பும்

மாட்ரிடில் வாடகை வீடு தேடிய நாட்களில், வீட்டுக்காரர்கள் சொன்ன பதில்களைக் காட்டிலும் அந்தப் பதில்களுக்கு முன்னால் வந்த சிறு ஸ்பானியச் சொற்களே எனக்கு அதிகம் உதவின. வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால், இருக்கிறது என்பவர் தயங்காமல் 'சீ', அதாவது ஆம், என்று சொல்லிவிடுவார். இல்லை என்பவரோ 'புவேஸ்...' என்று இழுத்து, சற்று நிறுத்தி, நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்ற செய்திக்கு மெல்ல வருவார். கேட்டவர் எதிர்பார்க்காத பதில் வரப்போகிறது என்பதை அந்த இழுப்பே முன்கூட்டி அறிவித்துவிடும். அதே சொல் இழுக்கப்படாமல் 'புவேஸ் சீ' என்று வந்தால், அது அழுத்தமான ஆமோதிப்பு.

'நல்லது', 'சரி' என்ற பொருளில் வரும் 'புவேனோ' என்பதிலும் குரலைத்தான் கவனிக்க வேண்டும். வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு, குரல் தாழ்ந்து சுருக்கமாக 'புவேனோ' என்றால் பெரும்பாலும் சம்மதம். 'புவே...னோ' என்று நீண்டால் அரை மனது. அதன் பின்னால் ஒரு 'ஆனால்' காத்திருக்கும்.

உரையாடலை முடிப்பதற்கும் இச்சொற்கள்தான் வேண்டும். பேச வேண்டியது தீர்ந்ததும் ஒருவர் 'புவேனோ, புவேஸ் நாதா' என்பார். 'நாதா' என்றால் ஒன்றுமில்லை என்று பொருளானாலும், இங்கே அது விடைபெறத் தொடங்கலாமா என்ற அழைப்பு. மற்றவர் சரி என்னும் பொருளில் 'பாலே' அல்லது 'பெங்கா' என்று இசைந்த பிறகே, பிறகு பார்ப்போம் என்று விடைபெறும் 'அஸ்தா லுவேகோ' வரும். அதையும் இருவரும் மாறி மாறி ஓரிரு முறை சொல்லி முடிப்பதுண்டு. முதல் 'புவேனோ'விலேயே இணைப்பைத் துண்டிப்பவர் முகத்தில் அடித்தாற்போலப் பேச்சை முறித்தவராகிறார். ஏதேனும் கேட்க விட்டுப்போயிருந்தால், இந்தப் படிகள் முடிவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

புதிதாக வந்தவருக்கு மிகவும் பயன்படுவது, 'அதாவது' என்று பொருள்படும் 'ஓ சேயா' என்பேன். அவசரமாகப் பேசும் ஒருவர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, 'ஓ சேயா, கட்டடப் பராமரிப்புச் செலவும் வாடகையில் அடக்கமா?' என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம். வாக்கியத்துக்கு ஒன்றாக அதைச் சேர்த்தால் மட்டும், பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு என்று ஸ்பானியர்கள் கேலி செய்யும் பாணி தொற்றிக்கொள்ளும்.

இவற்றுள் 'பாலே' ஸ்பெயினின் முத்திரை. அர்ஜென்டினாக்காரர்கள் அந்த இடத்தில் 'தாலே' என்பார்கள். மெக்சிகோவில் தொலைபேசியை எடுத்ததும் சொல்லும் முதல் சொல்லே 'புவேனோ'தான். எழுத்து வழக்கு வேறு. வீட்டுக்காரருக்கு எழுதும் முறையான கடிதத்தில் தயக்கம் காட்டும் 'புவேஸ்' இடம்பெறாது. அங்கே அச்சொல் வந்தால், 'ஏனெனில்' என்ற பொருளில் ஒரு காரணத்தையே முன்வைக்கும்.