குரல் கனத்துப்போய், வீடியோவோடு சேராமல் போன ஒரு ரெக்கார்டிங்கைச் சரிசெய்த கதை

நண்பர் ஒருவர் நேர்காணல் எடுத்து எனக்கு எடிட்டிங்கிற்கு அனுப்பியிருந்தார். கேமரா வீடியோ ஒன்று, கம்ப்யூட்டரில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிந்த வேவ் ஃபைல் ஒன்று. நல்ல வேளையாக, தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டி வைத்திருந்தார். நொடிக்கு 48000 சாம்பிள் என்று வைத்த எடிட்டிங் ப்ராஜெக்டில் இரண்டையும் போட்டால் குரல் கனத்து, இழுத்து இழுத்துப் பேசுகிற மாதிரி இருந்தது, தொடக்கக் கைதட்டலைச் சேர்த்து வைத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வாயும் குரலும் பிரிந்துவிட்டன.

இந்த இடத்தில் பலர் பிட்ச் எஃபெக்டைத் திறந்து காதால் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது வேண்டாம், முதலில் கணக்குப் போடுங்கள். கேமராவின் சொந்த ஒலியில் இரண்டு கைதட்டல்களுக்கும் நடுவே 2400 நொடி, அதாவது சரியாக 40 நிமிடம். வேவ் ஃபைலில் அதே இடைவெளி 2612.375 நொடி. வகுத்தால் 1.0885. 48000ஐ 44100ஆல் வகுத்தால் 1.0884 வரும். இவ்வளவு ஒட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம், நொடிக்கு 48000 சாம்பிள் என்று பதிவான ஒலியை ஃபைலின் ஹெடர் 44100 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நீளம் சுமார் 9 சதவீதம் கூடி, சுருதியும் ஒன்றரை செமிடோன் அளவுக்கு இறங்கியிருக்கிறது. இன்டர்ஃபேஸ் 48000இல் ஓட, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் 44100 என்று நம்பிக்கொண்டு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

தப்பு ஃபைலிலா ப்ராஜெக்டிலா என்று பார்க்க, அந்த ஃபைலை வேறு ஒரு சாதாரண ப்ளேயரில் போட்டுக் கேட்டேன். அங்கேயும் குரல் கனமாகவே இருந்தது, ஆக ஃபைல்தான். ப்ளேயரில் சரியாகக் கேட்டு எடிட்டரில் மட்டும் கெட்டிருந்தால் ப்ராஜெக்ட் செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். ஹெடர் என்ன சொல்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -show_entries stream=sample_rate,duration in.wav
```

எதிர்பார்த்தபடி 44100 என்று வந்தது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். `-ar 48000` போட்டு கன்வெர்ட் செய்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. கன்வெர்ஷன் ஹெடரை அப்படியே நம்பி, அந்தக் கனத்த குரலையே 48000 சாம்பிள்களாக மாற்றி எழுதும். சுருதியும் நீளமும் மாறாது, ஆனால் ஹெடர் இப்போது 48000 என்று காட்டுவதால் அடுத்து பார்ப்பவருக்குத் தப்பு எங்கே என்றே தெரியாது. நமக்கு வேண்டியது சாம்பிள்களைத் தொடாமல் லேபிளை மட்டும் மாற்றுவது:

```
ffmpeg -i in.wav -af asetrate=48000 -c:a pcm_s24le out.wav
```

கடைசியில் உள்ள `pcm_s24le`ஐ விட்டுவிடாதீர்கள், இது 24 பிட் ரெக்கார்டிங், சொல்லாவிட்டால் ffmpeg வேவ் ஃபைலை 16 பிட்டாக எழுதிவிடும்.

குரல் சரியாகிவிட்டது. ஆனால் கடைசிக் கைதட்டல் இன்னும் 120 மில்லிசெகண்ட் தாமதமாகவே விழுந்தது, நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 3 ஃபிரேம், கண்ணுக்குத் தெரியும். இது வேறு நோய். கேமராவுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் தனித்தனி கடிகாரம், இரண்டும் 48000 என்றே சொன்னாலும் உண்மையில் துளி வித்தியாசம் இருக்கும். 2400 நொடியில் 0.12 நொடி என்றால் பத்து லட்சத்தில் 50 பங்கு. சுருதியில் காதுக்குத் தெரியாது, ஆனால் நேரம் போகப் போக விலகல் சேர்ந்துகொண்டே போகும்.

இதையும் அதே வழியில் சரிசெய்தேன். 48000ஐ 1.00005ஆல் பெருக்கினால் 48002.4, அதில் முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூல ஃபைலிலிருந்தே ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்:

```
ffmpeg -i in.wav -af asetrate=48002,aresample=48000 -c:a pcm_s24le out.wav
```

இதில் `aresample` வரும் இடத்தில் நிஜமான கன்வெர்ஷன் நடக்கிறது, இங்கே அது தேவைதான். மிச்சம் 20 மில்லிசெகண்ட், அரை ஃபிரேம், அப்படியே விட்டுவிட்டேன். எடிட்டரிலேயே ஸ்ட்ரெட்ச் செய்வதானால் சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு அது தேவையில்லை, குரலில் கரகரப்பு சேர்க்கவும் வாய்ப்புண்டு.

அப்புறம், நடுப்பகுதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கருவி சூடேறும்போது கடிகார வேகமும் கொஞ்சம் மாறும் என்பதால், இரண்டு முனையும் பொருந்தினாலும் பல மணி நேர ரெக்கார்டிங்கில் நடுவே விலகியிருக்கலாம். அப்படி இருந்தால் ஒரே விகிதத்தில் மல்லுக்கட்டாமல், பேச்சு இல்லாத இடத்தில் வெட்டி அந்தத் துண்டை மட்டும் நகர்த்துவதுதான் எளிது.