சீல் அப்படியே இருந்தது, 38 பெட்டியைக் காணோம்

மட்டக்களப்பு கோட்டைமுனையில் எங்கள் ஸ்டோருக்கு முன்னால் கொண்டெய்னர் வந்து நின்றபோது விடிய ஐந்தரை. இருபதடிக் கொண்டெய்னர், உள்ளே 540 ரைஸ் குக்கர், ஒவ்வொன்றும் ஒரு பெட்டியில். கொழும்பில் சுங்கம் திறந்து பார்த்திருந்ததால் சப்ளையர் போட்ட சீல் இருக்காது, புதுச் சீல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கப்பல் சரக்குப் பத்திரமான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள இலக்கத்தோடு சீலை ஒப்பிட்டுக் குழம்பவில்லை. சோதனை முடிந்து மறுபடி பூட்டியபோது கேட் பாஸில் எழுதிய இலக்கத்தை முதல்நாளே கிளியரிங் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்தேன்.

சீலையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இலக்கம் சரி. போல்ட் சீலில் 'எச்' என்ற எழுத்து இருந்தது, அதாவது உயர்பாதுகாப்பு வகை. இழுத்துப் பார்த்தேன், கழரவில்லை. முறுக்கிப் பார்த்தேன், கழன்று வரவில்லை. வெட்டி ஒட்டிய தடயமும் இல்லை. சாரதித் தம்பி, "அண்ணன், கெதியா சைன் வச்சுத் தாங்க, வெறும் பெட்டியை நாளைக்கு யார்ட்டில குடுக்கணும்" என்றார். சீல் சரியாக இருக்கிறதே என்று "சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது" என்று அச்சடித்த மூன்று பிரதியிலும் கையொப்பம் வைத்தேன். கதவு திறக்க முதல் வைத்த அந்தக் கையொப்பம் நான்கு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

திறந்ததும் முதல் வரிசை கூரை வரை நேராக நின்றது. பையன்கள் அதை இறக்கியதும்தான் பின்னால் குழி தெரிந்தது. இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் நடுவில் எடுத்துவிட்டு, முகப்பை மட்டும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தோன்றாது.

இறக்குவதை நிறுத்தினேன். அந்தக் காலையில் நான் செய்த ஒரே புத்தியான வேலை அதுதான். இறக்கிய பெட்டிகளைத் திரும்ப ஏற்றி, கதவை மூடி, ஏறாவூர்ப் பக்கம் ஒரு நெல் ஆலையின் எடைப்பாலத்துக்குக் கொண்டெய்னரைக் கொண்டுபோனேன். சாரதிக்குக் கோபம். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்த பிறகு வந்தார். ஏற்றியபடி 19,640 கிலோ. பிறகு ஸ்டோரில் எண்ணி இறக்கி, வெறும் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் எடை போட்டால் 15,120. மிச்சம் 4,520 கிலோ. ஒரு பெட்டி 9 கிலோ. எண்ணிக்கையிலும் 502தான் வந்திருந்தது. (இரண்டு தடவையும் டீசல் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் தாங்கி நிரப்பினால் கணக்குக் கெட்டுவிடும்.)

சாரதியை அனுப்ப முதல், அவரிடம் இருந்த பிரதியிலும் என் பிரதியிலும் "சீல் உடையவில்லை, 38 பெட்டி குறைவு, எடைச் சீட்டு உண்டு" என்று எழுதினேன். அவர் தன் முதலாளிக்குப் போன் பண்ணினார், கையொப்பம் வைக்க மறுத்தார். கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வைத்தார். முதல் கையொப்பத்தின் பாதிச் சேதத்தை இந்த இரண்டாவது சரிக்கட்டியது என்று பிறகு குறையைப் பரிசோதிக்க வந்த சர்வேயர் சொன்னார்.

அன்றே காப்புறுதிக்கு அறிவித்தேன். கப்பல் ஏஜென்டுக்கும் லொறிக்காரருக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்பினேன். வெளியே தெரியாத குறைக்கு எழுத்தில் அறிவிக்கப் பில் ஆஃப் லேடிங் விதிகளில் மூன்று நாள்தான், அதைத் தள்ளிப் போடாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு பதியப் போனால், "களவு எந்த இடத்தில நடந்தது?" என்றார்கள். கொழும்பா, ஹபரணையா, பொலன்னறுவையா, எனக்கு எப்படித் தெரியும்? அரை நாள் காத்திருந்து, பொருள் குறைந்ததாக ஒரு பதிவு மட்டும் வாங்கினேன். காப்புறுதிக்கு அது போதுமாக இருந்தது. மாறாக, கிளியரிங் ஏஜென்டின் அலுவலகத்துக்கு இரவு பஸ்ஸில் கொழும்பு போனது முழு வீண். கேட் பாஸின் நகல்தான் கேட்டேன். அங்கே இருந்த கிளார்க், "சீல் ஓகே தானே, அப்ப எங்கட பக்கம் ஒண்டும் இல்ல" என்று கடைசி வரைக்கும் அதையே சொன்னார்.

காப்புறுதிக்காரரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சீல் உடையவில்லை என்றால், ஏற்றும்போதே 38 பெட்டி குறைவாக ஏற்றியிருக்கலாம் என்றார்.

சர்வேயர் கல்முனையில் இருந்து வந்தார். வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்பாமல் ஒரு நாள் மறித்து வைத்திருந்தேன், அதற்குத் தாமதக் கட்டணமும் கட்டினேன். அவர் சீலைத் தொடவே இல்லை. வலது கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் குந்தினார். கைப்பிடி பூட்டுத் தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு ரிவிட் இருக்கும், அடித்து இறுக்கிய ஆணி, உடைக்காமல் கழற்ற முடியாது. சீல் போட்ட கைப்பிடியில் அந்த இடத்தில் ரிவிட்டுக்குப் பதில் ஒரு போல்ட் இருந்தது. தலையில் அதே நீலப் பெயிண்ட், ஆனால் அதில் புழுதியும் கீறலும் இல்லை. விரலைப் பின்னால் விட்டுத் தடவச் சொன்னார். மரை சுரசுரவென்று பட்டது. பக்கத்துக் கைப்பிடியில் பழைய ரிவிட், துருப்பிடித்து மழுங்கி இருந்தது.

"தம்பி, நீங்க சீலைத்தான் பார்த்திருக்கீங்க. கதவைப் பார்க்கல்ல" என்றார். போல்டைக் கழற்றினால் கைப்பிடி சீலோடு கொளுக்கியில் தங்கிவிடும், தண்டு மட்டும் தனியாகத் திரும்பும். வலது கதவின் மற்றத் தண்டுக்கு வழக்கமாகச் சீல் போடுவதில்லை. வலது கதவுதான் இடதுக்கு மேல் படிந்து மூடும், ஆகவே அது ஒன்று திறந்தால் போதும். வேலை முடிந்ததும் போல்டைத் திரும்பப் பூட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டால் சீல் கன்னி கழியாமல் இருக்கும்.

இருந்தாலும் ஏற்றும்போது 540 பெட்டியும் இருந்தது என்று காட்ட வேண்டுமே. அதற்கு உதவியது கப்பலேற்ற முதல் கொடுக்கும் மொத்த எடைப் பத்திரம். 2016 ஜூலையில் இருந்து அது இல்லாமல் கொண்டெய்னரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எங்களுடையதில் 7,110 கிலோ. வெறும் கொண்டெய்னர் 2,230. மிச்சம் 4,880, அதாவது 540 பெட்டியும் கொஞ்சம் பலகையும். காப்புறுதிக்காரர் அதற்கும் மறுப்பு வைத்திருந்தார். அந்த எடையைப் பெட்டி பெட்டியாகக் கூட்டியும் எழுதலாம், அப்படி எழுதினால் அது வெறும் கணக்கு, சாட்சி அல்ல என்றார். அது நியாயமான கேள்விதான். சப்ளையரிடம் கேட்டேன். நல்ல காலம், அவர்கள் ஏற்றிப் பூட்டிய கொண்டெய்னரை எடைப்பாலத்தில் எடை போட்டிருந்தார்கள், சீட்டும் வைத்திருந்தார்கள். 38 பெட்டி அங்கேயே குறைந்திருந்தால் அந்தச் சீட்டில் 342 கிலோ குறைந்திருக்கும். அதற்குப் பிறகு வாதம் நின்றது. காப்புறுதியில் நாங்களே தாங்க வேண்டிய கழிவு போக மிச்சப் பணம் நான்காவது மாதத்தில் வந்தது.

இப்போது சுங்கம் பூட்டும்போது நிற்கிற எங்கள் ஆளிடம் கேபிள் சீல் ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு கதவின் உள்பக்கத் தண்டுகளையும் சேர்த்து, தொய்வு இல்லாமல் இறுக்கச் சொல்லியிருக்கிறேன். தொய்வாக விட்டால் தண்டு கொஞ்சம் திரும்ப இடம் கிடைத்துவிடும். கைப்பிடி ரிவிட் எல்லாவற்றையும் பிணைச்சலையும் அங்கேயே போட்டோ எடுக்கச் சொல்கிறேன். இங்கே வந்ததும் அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். கதவு திறந்து மூன்று வரிசை இறங்கும் வரைக்கும் பேனா என் சட்டைப் பையில்தான்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. வெறும் பெட்டியைக் கையேற்ற டிப்போவில், ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருக்கிறது, இது இறக்குமதியாளர் செய்த சேதம் என்று என் வைப்புப் பணத்தில் கழித்துவிட்டார்கள். சர்வேயர் அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது, கழுவுகிற கூலியைக் கழித்துக்கொண்டு.