ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதினேன், சென்னையிலிருந்து போன் வந்தது

அண்ணன் மகளை ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், பாஸ்போர்ட்டும் தயார். வோல்கா கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு, கட்டணம் எவ்வளவு, என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்று கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினேன்.

அங்கிருந்து ஒரு வரி வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் கூப்பிட்டார். "சார், நீங்க யுனிவர்சிட்டிக்கு எழுதின லெட்டர் எங்களுக்கு வந்திருக்கு. இந்தியா அட்மிஷன் நாங்கதான் பாக்குறோம்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கடிதத்தையும் போன் நம்பரையும் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. முதல் வருஷத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று டாலரில் ஒரு தொகை சொன்னார். படிப்புக்கு எவ்வளவு, ஹாஸ்டலுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், "எல்லாம் சேர்த்துத்தான் சார்".

அப்புறம்தான் நானே தேட உட்கார்ந்தேன். ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் கட்டண விவரத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆங்கிலப் பக்கத்தில் தேடாதீர்கள். ரஷ்ய மொழிப் பக்கத்துக்கு மாறி, «Сведения об образовательной организации», அதாவது கல்வி நிறுவனத்தைப் பற்றிய தகவல்கள் என்ற பகுதிக்குள் «Платные образовательные услуги», அதாவது கட்டணக் கல்விச் சேவைகள் என்பதைத் திறந்தால் கட்டண ஆணை பி.டி.எஃப்.பாகக் கிடைக்கும். பிரவுசரின் மொழிபெயர்ப்பே போதும். பொது மருத்துவத்துக்கான குறியீடு 31.05.01. அந்த வரியில் ஆங்கிலவழி மாணவர்களுக்குத் தனித் தொகை போட்டிருந்தார்கள், ரூபிளில், ஒரு வருஷத்துக்கு. ஹாஸ்டல் அதில் சேராது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஏஜென்ட் சொன்ன தொகைக்குக் கிட்டேகூட வரவில்லை.

இரண்டாவது கடிதத்தை ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதினேன். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கிறோம், பதிலை எங்களுக்கே அனுப்புங்கள் என்று முதல் வரியிலேயே போட்டேன். சேர்க்கைப் பிரிவோடு வெளிநாட்டு மாணவர்களுக்கான டீன் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போனது. 'கட்டணம் எவ்வளவு' என்று கேட்பதை விட்டு, ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, "இதில் உள்ள தொகைதான் இந்த ஆண்டு சேரும் இந்திய மாணவிக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன். ஒப்பந்தம் போட்டபின் பணவீக்க அளவுக்கு மேல் கட்டணத்தை உயர்த்த ரஷ்யக் கல்விச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டு, மாதிரிப் படிவமும் அனுப்பச் சொன்னேன். இந்த முறை பதில் வந்தது, மாதிரி ஒப்பந்தத்தோடு.

கடைசித் தேதியில்தான் பெரிய ஆபத்து இருந்தது. தளத்தில் ஆகஸ்ட் என்று இருந்தது. வகுப்பு தொடங்குவது செப்டம்பர் 1. விசாவுக்குத் தேவையான அழைப்புக் கடிதத்தைத் தருவது பல்கலைக்கழகம் இல்லை, அந்நாட்டு உள்துறை அமைச்சகம். அது வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதற்குப் பிறகுதான் சென்னையில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்தில் விசா. அதனால் "விசா தேவைப்படும் மாணவி, அழைப்புக் கடிதத்துக்கான ஆவணங்களை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்?" என்று தனியாகக் கேட்டேன். ஜூலைத் தேதி ஒன்றைச் சொன்னார்கள். தளத்தில் போட்டிருந்த தேதியை நம்பியிருந்தால் ஒரு வருஷம் போயிருக்கும். இதை ஏன் தளத்தில் போட மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். இவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டில் பெயரோடு ஓர் எழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் வருகிறது. ரஷ்ய எழுத்தில் மாற்றும்போது இரண்டும் இரண்டு ஆள் மாதிரி ஆகிவிடும். பொதுவாகக் கேட்டால் "அப்போஸ்டில், நோட்டரி மொழிபெயர்ப்பு" என்று மட்டும்தான் சொல்வார்கள். அப்போஸ்டில் என்பது வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் போட்டுத் தரும் அத்தாட்சி. நான் இரண்டின் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை வட்டமிட்டு அனுப்பினேன். மொழிபெயர்ப்பில் பெயர் பாஸ்போர்ட்படி இருக்க வேண்டும், இருவரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும், அதற்கும் அப்போஸ்டில் வேண்டும் என்று பதில் வந்தது.

மொழிபெயர்ப்பை எங்கே செய்ய வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இங்கே செய்ததை அவர்கள் ஏற்கவில்லை, ரஷ்யாவில் நோட்டரி முன் செய்ததுதான் செல்லும் என்றார்கள். எங்கே செய்தாலும் அப்போஸ்டில் முதலில், மொழிபெயர்ப்பு அப்புறம். அப்போஸ்டிலில் உள்ள எழுத்துகளும் மொழிபெயர்ப்பில் வந்தாக வேண்டும். இதைத் தெரியாமல் முதலில் மொழிபெயர்த்து, இரண்டு முறை பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரமாணப் பத்திரம் இப்போது அப்போஸ்டிலுக்குப் போயிருக்கிறது. ஜூலைத் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ஏஜென்ட் இடையில் மறுபடி கூப்பிட்டார், "நேரா போனா சீட் கிடைக்காது சார்" என்று. பல்கலைக்கழகத்திலிருந்து எங்களுக்கே வந்த பதில் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.