பெட்ரோல் கார்டு மெமோ எழுதுறவங்களுக்கு

ஆபீஸ் வண்டிக்குக் குடுத்த பெட்ரோல் கார்டுல தப்பு நடந்திருக்குன்னு டிரைவர் மேல சந்தேகம்னதும் "நீங்க பெட்ரோல் திருடியிருக்கீங்க, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது"ன்னு மெமோ அடிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. முடிவு பண்ணிட்டுத்தான் கேக்குறீங்கன்னு ஆயிடும், நாளைக்கு என்கொயரில அதையே எடுத்துக் காட்டுவாங்க.

உதாரணமா டிசையர் பெட்ரோல் வண்டி, டேங்க் 37 லிட்டர். கார்டு ஸ்டேட்மென்ட்ல 14ஆம் தேதி ராத்திரி 9.40க்கு 44 லிட்டர்னு இருக்கு, ஜிபிஎஸ்ல வண்டி அந்நேரம் ஆபீஸ் ஷெட்லயே நிக்குது. லெட்டர்ல இதை மட்டும் எழுதுங்க: தேதி, நேரம், பங்க், லிட்டர், தொகை, ஜிபிஎஸ் எங்க காட்டுதுன்னு. ஸ்டேட்மென்ட், ஜிபிஎஸ் ரிப்போர்ட், லாக் புக் பக்கம் மூணோட காப்பியும் கண்டிப்பா கூட வைங்க, பாக்காத பேப்பருக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீங்க. கழுத்து வரைக்கும் அடிச்சா கம்பெனி சொன்ன அளவை விட கொஞ்சம் கூடவே பிடிக்கும், அதனால 39ன்னு வந்தா அது ஒண்ணுமே இல்ல. 44ம் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து வந்தாத்தான் கேள்வி. அப்பவும் அந்த கார்டும் பின்னும் வேற யார்கிட்டயாவது இருந்துச்சா, மேனேஜர் சொல்லி ஜெனரேட்டருக்கு கேன்ல வாங்கினாரான்னு லெட்டர்லயே கேளுங்க. பல ஆபீஸ்ல பின் நம்பர் கார்டு கவர்லயே எழுதி இருக்கும், அங்க ஒருத்தரை மட்டும் கேக்குறது அநியாயம்.

பதில் சொல்ல நியாயமான டைம் குடுங்க, தமிழ்லயே எழுதலாம்னு போடுங்க. கார்டை அன்னிக்கே பிளாக் பண்ணிடுங்க, சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க.