எழுத்தின் ஓரத்தில் தெரியும் வயது

பழைய போஸ்டர், அஞ்சலட்டை, தகர விளம்பரப் பலகை எது கைக்கு வந்தாலும், பழைய அசலா பிற்கால நகலா என்று பார்க்க நான் முதலில் லூப்பை வைப்பது எழுத்தின் ஓரத்தில்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லூப் போதும். படம் எத்தனை அழகாக இருந்தாலும் அது அப்புறம்.

காரணம் எளிது. கல்லச்சுக் காலத்தில் ஓவியர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் கையால் வரைந்தார். 1837-இல் பிரான்ஸில் எங்கெல்மான் என்ற அச்சாளர் காப்புரிமை பெற்ற வண்ணக் கல்லச்சு முறை இதுதான். அதில் எழுத்து ஒரே மையில் அடைத்து விழும்; ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். முகத்தில் புள்ளிகள் இருக்கும், ஆனால் அவை கையால் இட்டவை. பெரிதும் சிறிதுமாக, கன்னத்தின் வளைவை ஒட்டி நெருங்கியும் விலகியும் போகும். படத்தைப் புகைப்பட முறையில் புள்ளிகளாகப் பிரித்து அச்சடிக்கும் ஹாஃப்டோனில் வரும் புள்ளி அப்படியல்ல. அது ஒரு வலையில் சம இடைவெளியில் நிற்கும். நான்கு நிறமும் சேர்ந்தால் சின்னச் சின்னப் பூப்பூவாகத் தெரியும்.

சமீபத்தில் பார்த்த ஒரு தகரப் பலகையைச் சொல்கிறேன். பழுப்பேறிய மஞ்சள் பின்னணி, சிரிக்கும் பெண், வளைந்த சிவப்பு எழுத்து, மூலையில் துரு. விற்றவர் 1910 வாக்கில் வந்தது என்றார். தகரத்தில் அச்சடிப்பது அப்போது இருந்ததுதான். தகரத்துக்கான ஆஃப்செட் முறைக்கு இங்கிலாந்தில் பார்க்லே என்பவர் 1875-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆக, பேச்சில் தவறில்லை. லூப்பை சிவப்பு எழுத்தின் ஓரத்தில் வைத்தேன். கோடே இல்லை. சிவப்பும் மஞ்சளும் புள்ளிகளாகச் சிதறி, ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தது. எழுத்தைத் தனி மையில் அச்சடிக்கவில்லை. முழுப் பலகையையும் படம் பிடித்து நான்கு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து மூலைத் துருவுக்கு நகர்த்தினேன். துருவும் புள்ளிப் புள்ளியாக இருந்தது! மூலப் பலகையின் துருவைச் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. ஆணித் துளையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் உண்மையான துரு, சொரசொரப்பாக. அது நகலுக்கு வந்த வயது.

ஆனால் இந்தச் சோதனையை ஒரு பக்கமாகத்தான் நம்பலாம். அடைத்த எழுத்து இருந்தால் உடனே பழசு என்று சொல்லிவிட முடியாது. எழுத்தை மட்டும் புதிதாக வரைந்து சேர்த்த மறுபதிப்பும் அப்படித்தான் இருக்கும். அதேபோல், பிற்கால அசலிலும் கலப்பு நிற எழுத்து புள்ளியாக வரலாம். அச்சு முறை தருவது 'இதற்கு முன் இருக்க முடியாது' என்ற எல்லையை மட்டும்.

வெளுப்பு அதைவிட ஏமாற்றும். ஒரு போஸ்டர் முழுக்க நீலம் பாய்ந்து நின்றது, பார்த்ததும் நூறு வயது சொல்லத் தோன்றும். நான்கு நிற அச்சில் பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்தில் முதலில் போகும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஜன்னலோரம் மாட்டினால் சில வருடத்திலேயே அந்த நிலை வந்துவிடும். சட்டத்தை எடுத்தேன். விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த பட்டையில் சிவப்பு பளிச்சென்று இருந்தது, கோடு போட்டதுபோல். ஆக வெளுப்பு அசல். யாரும் அச்சில் சேர்த்ததல்ல. ஆனால் அது சொல்வது போஸ்டர் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதை. எப்போது அச்சடித்தார்கள் என்பது அதில் இல்லை.

அதற்கு இருட்டறையில் யூவி விளக்கை அடித்தேன். அச்சில்லாத ஓரத்தில், அதுவும் சட்டத்துக்கு அடியில் இருந்த இடத்தில், காகிதம் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பது 1950 வாக்கில்தான் பரவியது. நூறு வயதுக் கதை அங்கே முடிந்தது. பின்னால் ஒட்டிய தாளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அது பிறகு ஒட்டியதாக இருக்கலாம். ஒளிராவிட்டால் பழசு என்றும் அர்த்தமில்லை. வெளிச்சம் பட்டுப்பட்டு அந்த ரசாயனம் செத்துப் போகும், சில காகிதங்களில் முதலிலிருந்தே இருக்காது.

அஞ்சலட்டையில் வேலை பாதி குறையும், பின்பக்கம் உதவுவதால். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த பின்பக்கம் பிரிட்டனில் 1902-லும் அமெரிக்காவில் 1907-லும் அனுமதிக்கப்பட்டது. அந்த நாட்டு அட்டையில் கோடு இருந்தால் அதற்கு முந்தையது அல்ல. இப்போது கையில் இருக்கும் கட்டில் சில அட்டைகளில் வலையும் இல்லை, கைப்புள்ளியும் இல்லை. புழு நெளிந்ததுபோல் நுண்ணிய சுருக்கங்கள். அது கொலோடைப் என்ற பழைய அச்சு முறை. அதைப் பார்க்க பத்து மடங்கு லூப் திணறுகிறது, முப்பது மடங்கு வேண்டும்.