இருண்ட திரையில் மங்கிய ஓர் எழுத்து

மென்பொருள் ஆதரவுப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் லாக் கோப்பை அனுப்புவதில்லை. டார்க் மோடில் உள்ள டெர்மினலைப் படம்பிடித்து, அதையும் சுருக்கி அனுப்புகிறார்கள். அந்தப் படத்திலிருந்து ஏழு எழுத்துள்ள கமிட் எண்ணைப் படியெடுத்தால்தான் அவர்களிடம் ஓடுவது எந்தப் பதிப்பு என்று தெரியும்.

கறுப்பின்மேல் வெள்ளையாக உள்ள எழுத்து சுருங்கும்போது முதலில் மறைவது மெல்லிய கோடுதான். பாதி வெள்ளையும் பாதி கறுப்பும் கலந்த பிக்சலுக்குப் பெரும்பாலான செயலிகள் 255-இல் பாதியான 128-ஐத் தருகின்றன. ஆனால் திரையில் 128 தரும் ஒளி, முழு வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடுதான். அதனால் e-இன் குறுக்குக்கோடு இருளில் கரைந்து c போலவும், 8-இன் இடுப்பு கரைந்து 0 போலவும் தோன்றுகின்றன. எனவே நான் படத்தை நான்கு மடங்காக, பிக்சல்களைக் குழைக்காமல் பெரிதாக்கி, நிறங்களைத் தலைகீழாக்குவதற்கு முன்பே நடுத்தரச் சாம்பல்களை மட்டும் வெளிச்சமாக்குவேன். சிவப்பில் வந்த பிழைச்செய்திக்கு இது அவ்வளவாக உதவாது. பல ஜேபெக் படங்களில் நிறத்தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவே சேமிக்கப்படுகிறது.

அதன்பின் அதே படத்திலுள்ள, ஐயமற்ற எழுத்தோடு ஒப்பிட வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எட்டு பிக்சல் அகலமுள்ள எழுத்து மூன்றில் இரண்டாகச் சுருங்கினால் 5.33 பிக்சல் ஆகிறது. ஆகவே ஒரே 8, வரியில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக மங்குகிறது. மூன்று மூன்று இடம் தள்ளி நிற்பவை மட்டுமே ஒரே விதமாக மங்கும். அண்மையில் வந்த ஒரு படத்தில், வரியின் 28ஆம் இடத்திலிருந்த எழுத்து 8-ஆ 0-வா என்பது ஐயமாக இருந்தது. அதே வரி 2024-03-18 10:46 என்று தொடங்கியது. தேதியும் நேரமும் கடிதத்தின் மூலம் உறுதியாகத் தெரிந்தவை. தேதியின் 8 பத்தாம் இடத்திலும், மணியின் 0 பதின்மூன்றாம் இடத்திலும் நின்றன. இரண்டும் 28-க்கு ஒத்த இடங்கள். மூன்றையும் அருகருகே வைத்ததும் நடுவரிசைச் சாம்பல் 8-ஓடு பொருந்தியது.

30ஆம் இடத்திலிருந்த எழுத்துக்கு அத்தகைய துணை கிடைக்கவில்லை. அது e அல்லது c. இத்தகைய இடத்தில் கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்வதை நான் ஏற்பதில்லை. இரண்டையும் களஞ்சியத்திடமே கேட்டேன்.

```
git cat-file -t 4b8de1a
git cat-file -t 4b8dc1a
```

முதலாவதற்கு commit என்ற விடை வந்தது. இரண்டாவது எண் அங்கே இல்லை. ஐபி முகவரிக்கு இவ்வாறு சரிபார்க்க வழியில்லாதபோது, ஐயமான இலக்கத்தின் இடத்தில் கேள்விக்குறி இட்டு, சாத்தியமான இரண்டு வடிவங்களையும் எழுதி, அந்த ஒரு வரியை மட்டும் எழுத்தாக நகலெடுத்து அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் கேட்கிறேன்.