துணிப் பிரிவுக்கு மாறினேன்

"என்னால்தான் போகிறாயா?" என்று என் மேலாளர் கேட்டார். "இல்லைங்க சார்" என்றேன். இரண்டு வருடமாகியும் அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை.

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். சாயம் பிந்தினாலும், பட்டன் வராவிட்டாலும், கப்பல் தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அதில் எனக்குப் புகார் இல்லை. என் மேலாளர் எதையும் வாயால்தான் சொல்வார் என்பதுதான் சிக்கல். ஓர் ஆர்டருக்கு ஆலிவ் பச்சையில் ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டுகள், அனுப்பியிருந்தோம். வாங்குபவரின் ஒப்புதல் வரவில்லை. சாயப்பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கிய நாளோ நெருங்கியது. "பி-தான் வரும், போட்டுவிடு" என்றார். 600 கிலோ துணியைச் சாயமேற்றிய பிறகு, சி-யைத் தேர்ந்தெடுத்ததாகப் பதில் வந்தது. முதலாளியின் முன்னால், "நான் எப்போது சொன்னேன்?" என்றார். அந்தத் துணியைக் கறுப்பாக்கி வேறொரு ஆர்டருக்குத் திருப்பினோம். பழி என்னிடமே தங்கியது.

அதன்பிறகு அவர் எதைச் சொன்னாலும், "நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கையில்லாதவன் என்ற பெயர் வந்தது. வெளியே போய்விடலாம்தான்; ஆனால் ஆறு வருடம் உழைத்த நிறுவனம், ஊரும் இதுதான். துணிப் பிரிவில் ஓர் இடம் காலியாவதாகக் கேள்விப்பட்டேன்.

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கேட்டால், வேலையை விடப்போகிறவன் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆர்டர் ஓடும்போது கேட்டால் பாதியில் கைவிட்டவன் ஆவேன். எனவே பொங்கல் கழிந்து, என் கையிலிருந்த ஆர்டர்களின் கடைசிப் பெட்டியும் தூத்துக்குடிக்குக் கிளம்பும்வரை காத்திருந்தேன். காரணத்தை எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் இருந்த எட்டு வரிகளில் ஏழு அவரைப் பற்றியவை. கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளில் துணி மட்டும் இருந்தது: துணியின் எடையைக் காட்டும் ஜிஎஸ்எம் குறைவது, துவைத்தபின் சுருங்குவது, ஒரே நிறத்துக்குள் லாட்டுக்கு லாட் வரும் வேறுபாடு. இவற்றால் தையலில் நேரும் நஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன், துணி கிடங்குக்கு வரும்போதே பிடிக்க முடியும் என்று எழுதினேன். அது பொய்யில்லை. பிடித்த வேலைதான். ஆனால் அந்த மேலாளர் இல்லாதிருந்தால் அதைத் தேடிப் போயிருப்பேனா என்று கேட்டால், போயிருக்க மாட்டேன்.

பணியாளர் துறைக்கு முன்னால் அவரிடமே சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். மறைத்துப் போனால், மறுநாளே டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் மாற்றம் நடக்காது என்பதும் உண்மை. மரியாதைக்காகச் சொன்னேனா, கையெழுத்துக்காகச் சொன்னேனா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பேனாவை மூடியபடி, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். ஒருவேளை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியிருக்கலாம். நான் "இல்லைங்க" என்றதும் கையெழுத்திட்டார்.

என் பொறுப்பை ஒப்படைக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். எனக்குப் பின் வந்த பெண் புதிது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு பக்கம் எழுதினேன்: லேப் டிப் எந்த நிலையில், உற்பத்திக்கு முந்தைய மாதிரியான பிபி சாம்பிளுக்கு ஒப்புதல் வந்ததா, எந்த உதிரிப்பொருள் யாரிடம். கடைசிப் பக்கத்தில், "வாய்மொழி உத்தரவை அன்றே மின்னஞ்சலில் உறுதி செய்யவும்" என்று எழுதியிருந்தேன். பிரதி அவருக்கும் போகும் என்பதால் அந்த வரியை அழித்தேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. போகும்போது குறை சொல்லிவிட்டுப் போனான் என்ற பேச்சு வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதில் நியாயமும் இருக்கிறது. வெறும் வன்மமாகப் படித்திருப்பார்கள்.

எட்டு மாதத்தில் அவளுக்கும் அதே நடந்தது. இந்த முறை அச்சுக்கான நிறம். அவள் பணியாளர் துறைக்குப் போனாள். "உனக்கு முன்னால் இருந்தவர் எந்தப் புகாரும் இல்லாமல்தானே போனார்?" என்று கேட்டார்களாம். மாற்றல் படிவத்தில் காரணம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் இரண்டு துணித்துண்டுகளோடு என்னிடம் வந்தாள். விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். பகல் விளக்கில் ஒன்றுபோல் இருந்தவை, கடை விளக்குக்கு மாற்றியதும் பிரிந்து தெரிந்தன. "அண்ணா, நீங்கள் ஏன் மாறினீர்கள்?" என்றாள். துணி எனக்குப் பிடிக்கும் என்றேன். அவள் துண்டுகளை மடித்து எடுத்துக்கொண்டாள்.